திறக்க மறுக்கும் படிக்கட்டுக் கதவு

20 மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தால், புகை நுழையாதபடி படிக்கட்டுக்குள் மின்விசிறி காற்றை நிரப்பும். வெளியைவிட 50 பாஸ்கல் அழுத்தம் கூடினால் போதும். மூடிய கதவு ஒவ்வொன்றின் இடுக்கும் 0.01 சதுர மீட்டர் என்றால், 20 கதவுகளிலும் நொடிக்கு 1.2 கன மீட்டர் காற்று கசியும். ஆனால் ஆட்கள் இறங்கும்போது ஒரு கதவாவது திறந்திருக்குமே! அந்த 1.6 சதுர மீட்டர் வாசலில் காற்று நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீச, இன்னும் 1.6 கன மீட்டர் தேவை. ஆக மொத்தம் 2.8.

சிக்கல் இங்கேதான். கதவு மூடியதும் அத்தனை காற்றும் இடுக்குகள் வழியாகவே வெளியேற வேண்டும். அழுத்தம் 280 பாஸ்கலைத் தொடும். கைப்பிடியை ஏறத்தாழ 23 கிலோ விசையோடு தள்ள வேண்டும். ஐரோப்பியத் தரநிலை அனுமதிப்பதோ சுமார் 10 கிலோ. அதனால் மிகை அழுத்தத்தில் தானே திறக்கும் காற்றுமடலையோ, வேகம் குறையும் விசிறியையோ பொருத்துகிறார்கள். எல்லாக் கதவுகளையும் மூடி, விசிறியை ஓடவிட்டு, கைப்பிடியில் வில் தராசை வைத்துப் பார்த்தால் குறை தெரிந்துவிடும்.