கவுன்டரில் கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்

நம் கணக்கிலிருந்து நம் பணத்தை எடுக்கப் போகிறோம். கவுன்டரில் இருப்பவர் செலானைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு ரொக்கம் எதற்கு?” என்று கேட்கிறார். சுருக்கென்று கோபம் வரும். உழைத்துச் சேர்த்த பணத்துக்கு இவரிடம் கணக்கு சொல்ல வேண்டுமா என்று தோன்றும். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நம் செலவைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆவல் கிடையாது. வேறொரு ஆள் நம்மை வங்கிக்கு அனுப்பி வைத்திருக்கிறானா என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள்.

பிரிட்டனில் இந்தக் கேள்வியை ஒரு முறையான ஏற்பாடாகவே ஆக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் பேங்கிங் புரோட்டோகால். காவல்துறையும் வங்கிகளும் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகளும் சேர்ந்து 2016இல் லண்டனில் தொடங்கினார்கள். 2018க்குள் நாடு முழுவதும் பரவியது. வழக்கத்துக்கு மாறாகப் பெரும் தொகை கேட்டு வாடிக்கையாளர் வந்தால், கிளை ஊழியர் அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் அவசர எண்ணான 999ஐ அழைத்து இந்த ஏற்பாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டதும், குற்றம் நடந்துகொண்டிருப்பதாகவே கருதிக் காவலர்கள் கிளைக்கு வருவார்கள்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? அங்கே ‘கூரியர் மோசடி’ என்று அழைக்கப்படும் ஒரு திருட்டு முக்கியக் காரணம். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் கவுன்டரில் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியும் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

அழைப்பு எப்படி வருகிறது

பல புகார்களில் திரும்பத் திரும்ப வரும் முறையை வைத்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். லண்டன் புறநகரில் தனியாக வசிக்கும் 76 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு வீட்டுத் தொலைபேசி ஒலிக்கிறது. பேசுபவன் தன்னைக் காவல்துறை துப்பறிவாளன் என்கிறான். பெயரும் அடையாள எண்ணும் சொல்கிறான். “உங்கள் வங்கிக் கிளையில் வேலை செய்யும் ஒருவரே கள்ளநோட்டுகளைக் கலந்து கொடுக்கிறார். அவரைப் பிடிக்க உங்கள் உதவி வேண்டும்” என்கிறான்.

அம்மையார் சந்தேகப்படுகிறார். அவன் கோபப்படவில்லை. “நீங்கள் சந்தேகப்படுவதுதான் சரி. போனை வைத்துவிட்டு 999க்கு அழைத்து என்னைப் பற்றி விசாரியுங்கள்” என்கிறான். அவர் வைத்துவிட்டு அதே தொலைபேசியில் அழைக்கிறார். அவனோ மறுமுனையில் இணைப்பைத் துண்டிக்கவே இல்லை. டயல் டோன் ஒலியை ஓடவிட்டு, வேறொரு குரலில் “அவசர உதவி” என்று பதில் சொல்ல வைக்கிறான். அம்மையார் விசாரித்தது அதே கும்பலிடம்தான். இந்தத் தந்திரத்தைத் தடுக்கத் தொலைபேசி நிறுவனங்கள் பின்னர் இணைப்பு திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தன. ஆனாலும் சரிபார்க்க வேண்டுமானால் வேறொரு தொலைபேசியிலிருந்து அழையுங்கள் என்பதுதான் இன்றும் அங்கே சொல்லப்படும் அறிவுரை.

அடுத்து வருவதுதான் பயிற்சி. “7,500 பவுண்டு ரொக்கமாக எடுங்கள். நோட்டுகளைச் சாட்சியமாகச் சோதித்துவிட்டுத் திருப்பித் தருவோம். வங்கியில் யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள். எந்த ஊழியர் கும்பலோடு சேர்ந்தவர் என்று நமக்குத் தெரியாது. எதற்கு என்று கேட்டால் சமையலறையைப் புதுப்பிக்க என்று சொல்லுங்கள். கைபேசியை அணைக்காமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம்.” பணத்தை வாங்கிப்போக வீட்டுக்கு ஓர் ஆள் வருவான், அவன் ஒரு சங்கேதச் சொல் சொல்வான் என்றும் சொல்லி வைக்கிறான்.

இதில் நடந்திருக்கும் மாற்றத்தைக் கவனியுங்கள். திருடன் காவலனாகிவிட்டான். அவரைக் காப்பாற்றக்கூடிய ஊழியர் குற்றவாளியாகிவிட்டார். பொய் சொல்வது ஒரு கடமையாகிவிட்டது. வாழ்நாளெல்லாம் நேர்மையாக இருந்தவர், நேர்மைக்காகவே பொய் சொல்லப் போகிறார். ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள், அறிவில்லாதவர்கள் என்று பேசுவது எவ்வளவு அநியாயம் என்று இங்கே தெரியும். சட்டத்துக்கு உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணத்தைத்தான் அந்தக் கும்பல் பயன்படுத்திக்கொள்கிறது.

கவுன்டரில் என்ன பார்க்கிறார்கள்

பதினொன்றரைக்கு அம்மையார் கிளையில் நிற்கிறார். திரையில் அவருடைய கணக்கு விரிகிறது. மாதத்துக்கு இருநூறு, முந்நூறு பவுண்டுக்கு மேல் ரொக்கம் எடுத்ததில்லை. இன்று 7,500. கை அடிக்கடி பையைத் தொடுகிறது. முகத்தில் அவசரம். இவற்றில் எதுவுமே தனியாகக் குற்றத்தின் அடையாளம் ஆகாது. சேர்ந்து வரும்போது ஊழியர் பேச்சுக் கொடுக்கிறார்.

“எதற்கு என்று தெரிந்துகொள்ளலாமா?”

“சமையலறையைப் புதுப்பிக்கிறேன்.”

“நல்லது. யார் செய்கிறார்கள்? எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்களா?”

“தெரிந்தவர்தான். எழுதிக் கொடுக்கவில்லை.”

“அவருடைய கணக்குக்கே அனுப்பிவிடலாமே?”

“ரொக்கமாகத்தான் கேட்டார்.”

வீட்டு வேலை, கார், கல்யாணச் செலவு என்பவை கும்பல்கள் வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் பதில்கள். ஊழியர்களுக்கும் அது தெரியும். அதனால்தான் முதல் பதிலோடு நிறுத்தாமல் அடுத்ததைக் கேட்கிறார்கள். உண்மையிலேயே சமையலறையை இடித்துக் கட்டுபவருக்கு மேஸ்திரியின் பெயர், என்றைக்குத் தொடங்குகிறார், இதுவரை எவ்வளவு கொடுத்தாகிவிட்டது என்பதெல்லாம் நாக்கின் நுனியில் இருக்கும். கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். பத்து நிமிடத்தில் பணத்தோடு வெளியேறுவார். சொல்லிக்கொடுத்த பதிலோ ஒரு வரியில் முடிந்துவிடும். இரண்டாவது கேள்விக்குத் தடுமாறும்.

பிறகு ஊழியர் நேரடியாகவே கேட்கிறார். “இன்று யாராவது உங்களுக்குப் போன் செய்தார்களா? எங்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்களா?”

எல்லாமே இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. “ஆமாம், போலீஸ் என்று ஒருவர் சொன்னார்” என்று அம்மையார் சொன்னால், அவரை உள்ளறைக்கு அழைத்துப்போவார்கள். கைபேசியை அணைக்கச் சொல்வார்கள். 999க்கு அழைப்பு போகும். பணம் கணக்கிலேயே இருக்கும். “யாரும் போன் செய்யவில்லை” என்று சொன்னால் ஊழியரின் கையில் இருப்பது கொஞ்சம்தான். தாமதப்படுத்தலாம், மேலாளரை அழைக்கலாம், சந்தேகம் வலுவாக இருந்தால் அப்போதும் காவலர்களை வரவழைக்கலாம். அவர்களிடமும் அம்மையார் அதே கதையைச் சொன்னால் நோட்டுகளை எண்ணிக் கொடுப்பதைத் தவிர பெரும்பாலும் வழியில்லை.

வங்கி ஏன் மறுத்துவிடக் கூடாது?

சந்தேகம் வந்தால் பணத்தைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் போயிற்றே என்று தோன்றலாம். இதற்கு 2023 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தெளிவான பதில் தந்தது. அந்த வழக்கு ரொக்கத்தைப் பற்றியது அன்று, பண அனுப்புதலைப் பற்றியது. 2018இல் ஒரு தம்பதியிடம், நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பிலிருந்து பேசுவதாகவும் குற்றப் புலனாய்வு அமைப்போடு சேர்ந்து இயங்குவதாகவும் சொன்ன ஒருவன், அவர்களுடைய சேமிப்பைக் காப்பாற்றுவதாக நம்பவைத்தான். மனைவி வங்கிக்குச் சென்று, இரண்டு தவணையாக 7 லட்சம் பவுண்டை ஐக்கிய அரபு எமிரேட்ஸில் இருந்த கணக்குகளுக்கு அனுப்பச் சொன்னார். தாம் அனுப்ப விரும்புவதை வங்கியிடம் உறுதிப்படுத்தவும் செய்தார். காவல்துறையினர் எச்சரித்தும் தம்பதி நம்பவில்லை. வங்கியையும் காவல்துறையையும் நம்பாதே என்பதுதான் அவன் கொடுத்த பயிற்சி.

தன் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று முடிவுசெய்வது வாடிக்கையாளரின் உரிமை என்றது நீதிமன்றம். அவர் தாமே தெளிவாக உத்தரவிட்டால் அதை நிறைவேற்றுவது வங்கியின் கடமை. அந்த முடிவு புத்திசாலித்தனமானதா என்று ஆராய்வது அதன் வேலையில்லை. நியாயமான தீர்ப்புதான். காரணம் சொல்லாமல் நம் பணத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் வங்கிக்கு இருந்தால் நாம் யாருமே பொறுத்துக்கொள்ள மாட்டோம். அந்த அதிகாரம் இல்லாததால்தான் கேள்வி கேட்கிறார்கள். ஊழியரிடம் உள்ள முக்கியக் கருவி அந்தக் கேள்வி. நம் வாயிலிருந்து உண்மை வராவிட்டால் அது வேலை செய்யாது.

ரொக்கத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏமாற்றப்பட்டு உள்நாட்டுக் கணக்கு ஒன்றுக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு, 2024 அக்டோபர் 7 முதல் பிரிட்டன் வங்கிகள் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. கையில் எடுத்துக் கொடுத்த ரொக்கம் அந்த விதிக்குள் வராது. கும்பல்கள் நோட்டுகளைக் கேட்பதற்கான காரணமும் எளிது. கணக்குக்குக் கணக்கு போன பணத்துக்குத் தடம் உண்டு. வாசலில் கைமாறிய பொட்டலத்துக்கு எந்தத் தடமும் கிடையாது.

நாம் செய்ய வேண்டியது

இந்தியாவில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்ற பெயரில் நடப்பதும் இதே பயிற்சிதான். வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டை தெரியும். வைப்புநிதியை முறித்துப் பணம் அனுப்பச் சொல்வார்கள். மேலாளர் கேட்டால் நிலம் வாங்க என்றோ மருத்துவச் செலவுக்கு என்றோ சொல்லச் சொல்வார்கள். சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்றும் இல்லை என்று பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் எச்சரித்தார். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். பிரிட்டனில் வங்கியோடு பாதுகாப்பாகப் பேச 159 என்ற எண் இருக்கிறது.

எண்களை மறந்தாலும் ஓர் அளவுகோல் மறக்கக் கூடாது. வங்கியில் பொய் சொல்லச் சொல்கிறவர் எந்தப் பதவியைச் சொன்னாலும் திருடர்தான். விசாரணைக்காகப் பொதுமக்களின் சேமிப்பை எடுத்துத் தரச் சொல்லும் காவல்துறை எங்கும் கிடையாது. அழைப்பில் வந்த மற்ற எதையும் நம்மால் சரிபார்க்க முடியாமல் போகலாம். பெயர், அடையாள எண், பின்னணியில் கேட்கும் வயர்லெஸ் சத்தம் எல்லாமே ஜோடனையாக இருக்கலாம். பொய் சொல்லச் சொன்னான் என்பது மட்டும் நமக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம்.

பையில் கைபேசி திறந்திருப்பதால் வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தால், பணம் எடுக்கும் செலானின் பின்புறத்தில் ‘ஒருவர் போனில் இருக்கிறார், இப்படிச் சொல்லச் சொன்னார்’ என்று எழுதி நீட்டினால் போதும். அழைத்தவன் உண்மையான அதிகாரி என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தாலும் தயங்க வேண்டாம். அவன் உண்மையானவனாக இருந்தால் நம் உண்மையால் அவனுக்கு ஒரு நஷ்டமும் வராது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை இப்போதே பேசி வையுங்கள். அழைப்பு வந்த பிறகு பேசப் பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்காது, ஏனென்றால் பிள்ளைகளிடமும் சொல்லாதே என்பது கும்பலின் இரண்டாவது கட்டளை. “அம்மா, வங்கியில் எது கேட்டாலும் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுங்கள். போலீஸே சொல்லக் கூடாது என்றாலும் சொல்லிவிடுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால், கவுன்டரில் நிற்கும் அந்த நிமிடத்தில் திருடனின் பயிற்சிக்கு எதிராக நம்முடைய பயிற்சியும் அவர்கள் நினைவில் இருக்கும்.