"விசிட் சார்ஜ் இல்லை" என்று வருபவரிடம் உஷார்! இன்வர்ட்டர் பேட்டரிக்கு நிஜமாகவே ஆயுள் முடிந்ததா?

ஆம்பூர்: கரண்ட் போன நேரத்தில் கடையில் திருட்டு. கேமராவில் பார்க்கலாம் என்று ரெக்கார்டரைத் திறந்தால் அந்த ஒரு மணி நேரம் மட்டும் காலி! கேமரா மேல் தப்பில்லை. அதற்குக் கரண்ட் கொடுக்க வேண்டிய இன்வர்ட்டர் பேட்டரி 20 நிமிடத்தில் படுத்துவிட்டது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கேமரா மாட்டும் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு இது பழகிப்போன கதை. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிலையங்களில் கேமரா பொருத்தும் பயிற்சி 13 நாள், கட்டணம் கிடையாது. முடித்துவிட்டு முதல் கடைக்குப் போனதுமே, "தம்பி, அப்படியே இந்த இன்வர்ட்டரையும் கொஞ்சம் பாரேன்" என்று கேட்பார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பம். பார்க்க என்ன வாங்குவது?

தூங்கும் பேட்டரி

2008-ல் தொடங்கி 2012-ல் உச்சத்துக்குப் போன மின்வெட்டு காலத்தில்தான் வீட்டுக்கு வீடு இன்வர்ட்டர் வந்தது. அப்போது தினமும் பேட்டரிக்கு வேலை இருந்தது, அதனால் ஒரு கண் அதன் மேல் இருந்தது. இப்போது மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள், கோடையில் கொஞ்சம் போகும். மற்ற நாளில் பேட்டரி மூலையில் சார்ஜ் ஏறியபடியே கிடக்கும். தண்ணீர் மெல்ல வற்றும். யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அப்படியே பார்த்தாலும் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறார்கள் என்பது இந்த ஊரில் பெரிய கேள்வி. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது ஊரறிந்தது. பல இடங்களில் போர் தண்ணீரில் இன்னமும் உப்பு அதிகம். அந்த உப்பில் உள்ள குளோரைடு பேட்டரிக்குள் போனால் ஈயத் தகட்டை அரித்துவிடும். கேன் தண்ணீர் வாய்க்கு நன்றாக இருக்கலாம், ஆனால் அதிலும் கொஞ்சம் உப்பு இருக்கத்தான் செய்கிறது. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதுவும் வேண்டாம். "பவர் குறைஞ்சிடுச்சு, கொஞ்சம் ஆசிட் ஊத்துங்க" என்பதும் தப்பு. வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் இல்லை.

ஒரு செருப்புக் கடை கணக்கு

ஆம்பூர் பஜாரில் ஒரு செருப்புக் கடை என்று வைத்துக்கொள்வோம். 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி, வயது 4. நாலு கேமரா, ரெக்கார்டர், ஒரு ஃபேன், இரண்டு பல்பு ஓடுகின்றன. எல்லாம் சேர்த்து 150 வாட்ஸ் சுமாருக்கு வரும். நல்ல பேட்டரி என்றால் ஆறேழு மணி நேரம் தாங்க வேண்டும். 20 நிமிடம்தான் வருகிறது. "பேட்டரி போச்சு பாய், புதுசு போட்டுடலாம்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். புதுசு என்றால் 15 ஆயிரம் ரூபாய் செலவு.

விவரம் தெரிந்தவர் முதலில் மெயின் கரண்ட் இருக்கும்போதே மல்டிமீட்டரை எடுப்பார். இன்வர்ட்டர் வயர் முனையில் 14 வோல்ட் காட்டுகிறது. அதே நேரம் பேட்டரி டெர்மினல் மேலேயே வைத்தால் 12.9 தான். ஒரு வோல்ட்டுக்கு மேல் நடுவில் எங்கே போனது? கிளாம்ப்பில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடிதான் அதைத் தின்கிறது. சார்ஜ் ஏறுகிற மாதிரி விளக்கு எரியும், பேட்டரிக்குள் முழுசாகப் போகாது.

இன்வர்ட்டரை அணைத்து, மெயினையும் நிறுத்தி, முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். கையில் மோதிரம் கூடாது, கண்ணாடி கட்டாயம், பக்கத்தில் பீடி பற்றவே கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வரும் வாயு வெடிக்கும். சோடா மாவு கலந்த வெந்நீரில் பொடியைக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் டெர்மினலிலும் 14 வந்துவிடும். கழுவும்போது மூடிகள் இறுகி இருக்க வேண்டும். சோடா உள்ளே போகக்கூடாது.

அடுத்து ஆறு செல்லையும் திறந்தால் தகடு வெளியே தெரிகிறது. தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு சார்ஜில் போட வேண்டும். அப்போதே ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். புதுத் தண்ணீர் ஆசிட்டோடு கலக்காமல் மேலேயே நிற்கும். அதனால் முதல் நாள் தீர்ப்பு சொல்ல முடியாது. மறுநாளும் வந்துதான் ஆக வேண்டும்!

மறுநாள் ஆறு செல்லும் 1225-லிருந்து 1235-க்குள் காட்டினால் பேட்டரி உயிரோடு இருக்கிறது. முழு சார்ஜுக்கு 1240 பக்கம் வர வேண்டும், இன்னும் கொஞ்சம் ஏறும். ஐந்து செல் 1230 காட்டி ஒன்று மட்டும் 1140-ல் நின்றால் அந்த ஒரு செல் செத்தது. ஒட்டி மூடிய இந்தக் காலத்து டப்பாவில் ஒரு செல்லை மட்டும் மாற்றி சரிக்கட்டுவது நடக்காத காரியம். புதுசு வாங்கத்தான் வேண்டும். செல்லுக்குச் செல் 50 புள்ளிக்கு மேல் வித்தியாசம் என்றாலே சந்தேகம்தான். ஆறும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் அவசரப்பட வேண்டாம், இன்னொரு நாள் சார்ஜ் போட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக மெயினை நிறுத்திக் கடை லோடை ஓட விட்டு அரை மணி நேரம் மீட்டரைப் பார்க்க வேண்டும். 12-க்கு மேல் நின்றால் சரி. சில நிமிடத்தில் 11-க்குக் கீழே விழுந்தால் ஹைட்ரோமீட்டர் என்ன சொன்னாலும் நம்பக்கூடாது.

"தண்ணி ஊத்தினதுக்கா இவ்வளவு?"

இப்போது கூலி. ஒரு நாளைக்கு 900 ரூபாய் கையில் நிற்க வேண்டும், பெட்ரோல் 150, மீட்டர், போன் தேய்மானம் 50 என்றால் மொத்தம் 1,100. ஒரு நாளில் ஆறு வீடு பார்ப்போம் என்று மனக்கணக்கு போடுகிறவர்கள் உண்டு. வழி தேடுவது, கடைக்காரர் சாப்பிட்டு வரும் வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் மூன்றுதான் நடக்கும். மூன்றால் வகுத்தால் ஒரு விசிட்டுக்கு 370 சுமார். முதல் வருகை 350, அதே வேலைக்கு மறுநாள் 200 என்று வைத்தால் கட்டுப்படியாகும். செருப்புக் கடைக்கு 5 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் 120 சேர்த்து 670 ரூபாய் ஆகும். 15 ஆயிரம் மிச்சம்.

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போய் வந்தால் சுமார் 40 கிலோ மீட்டர். பெட்ரோல் மட்டுமே 90 ரூபாய்க்குப் பக்கம், ஒரு விசிட் நேரமும் போச்சு. அந்த ஊருக்குத் தனியாக 200 கூட்டிச் சொல்லலாம், இல்லை மூன்று வேலை சேர்ந்த பிறகு ஒரே நாளில் போகலாம். எதுவானாலும் வண்டியை எடுக்கும் முன் போனிலேயே சொல்லிவிட வேண்டும். பார்த்து முடித்த பிறகு சொன்னால், "தண்ணி ஊத்தினதுக்கா 350?" என்ற சண்டை நிச்சயம்.

இதற்குப் பயந்துதான் சிலர் "விசிட் ஃப்ரீ" என்று ஆரம்பிக்கிறார்கள். பெட்ரோல் போட்டு வந்தவருக்கு எங்கிருந்தாவது காசு வர வேண்டுமே! புது பேட்டரி விற்றால் டீலரிடம் கமிஷன், பழைய பேட்டரியின் ஈயத்துக்கு சில ஆயிரம் ரூபாய். பேட்டரி பிழைத்தால் அவருக்கு நஷ்டம், செத்தால் லாபம். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் கணக்கு அப்படி அமைந்துவிடுகிறது. 350 ரூபாய் கேட்பவருக்கு எந்தப் பதில் வந்தாலும் கூலி ஒன்றுதான்.

வாடிக்கையாளர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. "பேட்டரி போச்சு" என்று சொன்னால், "ஆறு செல் ரீடிங்கையும் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். ஹைட்ரோமீட்டர் கொண்டு வராதவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். புதுசு வாங்குவது உறுதியானால் பழசுக்கு எவ்வளவு கழிக்கிறார் என்பதும் பில்லில் தனியாக இருக்கட்டும். 2022 பேட்டரி கழிவு விதிப்படி பழசு முறையான மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும், ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டி ஈயத்தை மட்டும் உருவுகிறவர் கைக்கு அல்ல.

செருப்புக் கடை பேட்டரி மேல் தேதியும் ஆறு எண்ணும் எழுதிய சீட்டு ஒட்டியாச்சு. மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது அந்த எண்களோடு ஒப்பிட்டால் எந்த செல் இறங்குகிறது என்பது தெரிந்துவிடும்.