எட்டு நொடியில் ஒரு டீக்கடை

2024 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் ‘சோரா’ என்ற ஏஐ வீடியோ மாடலை அறிமுகம் செய்தது. அப்போது டோக்கியோ தெருவில் ஒரு பெண் நடந்து வரும் காட்சி உலகமெங்கும் பரவியது. அதற்கு எழுதிய பிராம்ப்ட்டையும் நிறுவனம் கூடவே வெளியிட்டிருந்தது. அதில் வித்தை ஒன்றும் இல்லை. யார், என்ன செய்கிறார், எங்கே என்று தொடங்கி, பிறகு அவர் உடையையும் ஈரத் தெருவில் விளக்குகள் பிரதிபலிப்பதையும் சொல்லியிருந்தார்கள்.

புதிதாக எழுத உட்காருபவர் பெரும்பாலும் ‘அழகான கிராமத்து டீக்கடை, சினிமா மாதிரி’ என்று தட்டிவிடுகிறார். வருவது யாருடைய கடையோ! காரணம் எளிது. சொல்லாமல் விட்டதையெல்லாம் மாடல் தன் போக்கில் நிரப்பிக்கொள்கிறது.

அதே கடையை வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம். முதலில் ஆள்: நரைத்த மீசை, முண்டா பனியன், நீலக் கட்டம் போட்ட லுங்கியில் ஐம்பது வயது டீ மாஸ்டர். அடுத்து செயல்: ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு டீயை ஆற்றுகிறார். இடம்: சாலையோர ஓலைக் கூரைக் கடை, பக்கத்தில் பித்தளை பாய்லர். கேமரா: இடுப்பளவு ஷாட், மெல்ல முன்னால் நகர்கிறது. கடைசியில் மனநிலை: விடிவதற்கு முந்தைய நீல இருட்டு, ஒற்றை மஞ்சள் பல்பு, எழும்பும் ஆவி.

மனநிலைக்கு ‘அமைதி’, ‘சோகம்’ என்று எழுதினால் போதாதா? எழுதலாம், ஆனால் பல்பும் ஆவியும் செய்யும் வேலையை அந்தச் சொற்கள் செய்வதில்லை. வெளிச்சத்தைச் சொன்னால் மனநிலை தானாக வந்துவிடும்.

பலரும் சறுக்குவது செயலில்தான். கூகுளின் வியோ 3 ஒருமுறைக்குத் தருவது சுமார் 8 நொடி. அதற்குள் மாஸ்டர் டீ ஆற்றி, காசு வாங்கி, வாடிக்கையாளருடன் சிரிக்கவும் வேண்டும் என்றால், ஒன்றும் முழுதாக நடக்காது. கையிலிருந்த குவளை பாதியில் காணாமல் போகும். ஒரு ஷாட்டுக்கு ஒரு செயல், ஒரு கேமரா அசைவு போதும். ‘கூட்டம் வேண்டாம்’ என்று எழுதினாலும் சில நேரம் கூட்டம் வந்து நிற்கும். ‘காலியான பெஞ்சு’ என்பதே பாதுகாப்பு.

வந்த வீடியோவில் மூன்று இடங்களை நிறுத்திப் பாருங்கள்: விரல்கள், டீ விழும் தாரை, கடைப் பலகை. தாரை நடுவில் அறுந்தால் குவளைகளுக்கு இடையே உயரத்தைக் குறைத்து எழுதுங்கள். மற்ற நான்கையும் தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, கிரெடிட்தான் கரையும். பலகையில் தமிழ் எழுத்து பெரும்பாலும் கிறுக்கலாகவே வரும். அதனுடன் மல்லுக்கட்ட வேண்டாம். வெறும் பலகையாகக் கேட்டு வாங்கி, கடைப் பெயரை எடிட்டிங்கில் போட்டுக்கொள்ளுங்கள்.