கழுவுவதா, மூடுவதா? கண்ணில் வெடி பட்டால் முதல் பத்து நிமிடம்

தீபாவளியன்று கண்ணில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர் வெடியைப் பற்றவைத்தவர்கள் அல்ல, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். "நம்ம பிள்ளை கம்பி மத்தாப்பு மட்டும்தான் கொளுத்துவான்" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஒரு பத்து வயதுப் பையனை எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டு அண்ணன் அணுகுண்டின்மேல் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துத் திரியைப் பற்றவைக்கிறான். சத்தம் கூடும், குச்சி உயரப் பறக்கும் என்பது ஆசை. குச்சி சில்லுசில்லாகச் சிதறி, வாசற்படியில் நின்ற பையனின் வலது கண்ணில் ஒரு சில் அடிக்கிறது. பையன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். பாட்டி சொம்புத் தண்ணீரோடு ஓடி வருகிறார். அப்பா இமையைப் பிரித்துப் பார்க்க முயல்கிறார். யாரோ தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள்.

எல்லாம் அன்பினால்தான். ஆனால் கண் கிழிந்திருந்தால் இதில் ஒவ்வொன்றும் கெடுதல். விழி உள்ளே திரவம் நிறைந்த உருண்டை. சுவரில் கிழிசல் இருக்கும்போது இமையை அழுத்தினால் உள்ளே இருப்பது வெளியே பிதுங்கும். தண்ணீரும் தாய்ப்பாலும் கிருமியை உள்ளே கொண்டுபோகும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கண்ணில் தூள் விழுந்ததா, ஏதாவது வந்து அடித்ததா? மருந்துத் தூளோ சாம்பலோ மட்டும் விழுந்திருந்தால் உடனே கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரை மெதுவாக, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடவிட்டு, குறைந்தது 15 நிமிடம். அதன்பின் ஆஸ்பத்திரி. ஏதாவது அடித்திருந்தால், அல்லது எது நடந்தது என்று தெரியாவிட்டால், கழுவக் கூடாது. தூளும் சேர்ந்து விழுந்திருந்தால் கண்ணை அழுத்தாமல் அதை எடுப்பது டாக்டரின் வேலை.

பையன் தானாகக் கண்ணைத் திறந்தால் பார்க்கலாம். கருவிழி நடுவிலுள்ள பாப்பா வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் துளிபோல இழுபட்டிருக்கிறதா, வெள்ளைப் பகுதியில் கருமையாக எதுவும் துருத்துகிறதா, மற்ற கண்ணை மூடினால் நம் விரல்களை எண்ண முடிகிறதா? திறக்காவிட்டால் விட்டுவிடுங்கள், கிழிந்திருக்கிறது என்றே நினைத்து நடந்துகொள்வது நல்லது.

பஞ்சு, கைக்குட்டைக் கட்டு வேண்டாம். டீ குடிக்கும் காகிதக் கப்பின் அடிப்பகுதியை வெட்டி, அதன் விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் உட்காரும்படி வைத்து பிளாஸ்திரி ஒட்டுங்கள். உள்ளே எதுவும் கண்ணைத் தொடக் கூடாது. குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்கக் கூடாது. மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம் என்பதால் அதிரசமோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். பண்டிகை நாளில் தெருமுனை கிளினிக் பூட்டியிருக்கும். கண் ஆபரேஷன் வசதியோடு அன்று எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்பதை முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொள்ளலாம். வண்டி இல்லையென்றால் 108.

நம் பையனுக்கு அதிர்ஷ்டம், கிழிசல் இல்லை. ஆனால் அடி பட்ட வேகத்தில் கருவிழிக்குப் பின்னால் ரத்தம் கசிந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது அது கீழே சிவப்புக் கோடாகப் படியும். படுத்திருந்தால் பரவிக் கண்ணுக்குத் தப்பிவிடும். சொட்டு மருந்து கொடுத்து, தலையை உயர்த்திப் படுக்கச் சொல்லி, ஓடாதே குதிக்காதே என்று அனுப்புவார்கள்.

பெற்றோர் கோட்டை விடுவது இங்கேதான். மூன்றாம் நாள் வலி போயிருக்கும், பையன் கிரிக்கெட் மட்டையைத் தேடுவான். முதல் ஐந்து நாட்களுக்குள்தான் மறுபடி ரத்தம் கசியும் அபாயம் அதிகம். அது பெரும்பாலும் முதல் கசிவைவிட மோசமாக இருக்கும். கண்ணழுத்தம் ஏறினால் வலி, வாந்தி, பார்வை மங்கல், சோர்வு வரும். வாந்தியை 'பலகாரம் ஒத்துக்கலை' என்று தள்ளிவிடாமல் அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. கொட்டாங்குச்சி, தகர டப்பா, கண்ணாடி பாட்டில் எதுவும் வெடிக்குப் பக்கத்தில் வரக் கூடாது. புஸ்ஸென்று போன வெடியைக் குனிந்து பார்க்கக் கூடாது. பெரியவர் ஒருவர் சற்று நேரம் கழித்து, எட்ட நின்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றட்டும். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு மத்தாப்புப் பிடிக்கும் அத்தைமார்கள் கவனிக்க: அந்தக் கம்பி முனை 1000 டிகிரி செல்சியஸை எட்டக்கூடியது. குறுகலான தெருவில் சின்னப் பிள்ளைகள் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பதே சரி. வாசலில் நிற்கும் பெரிய பிள்ளைகளுக்குப் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி போடலாம். சாதாரணப் பவர் கண்ணாடி அடி பட்டால் நொறுங்கலாம்.

அந்தப் பையனின் கண் ஆறிவிட்டாலும் விஷயம் முடியவில்லை. உள்ளே ரத்தம் கசிந்த கண்ணில் வருடங்கள் கழித்தும் சத்தமில்லாமல் அழுத்தம் ஏறி கிளாக்கோமா வரலாம். அதனால் வருடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்க வேண்டும். புது டாக்டரிடம் போகும்போதெல்லாம் இந்தப் பழைய அடியைச் சொல்ல வேண்டும்.