அனுப்பிய அறிக்கை எது, சம்மதித்த அறிக்கை எது?

மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு தோட்டத்தின் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு இருந்தால், அந்த ஏழு பேரும் ஒரே டிவிஷனில் இருப்பது அரிது. செயலாளர் மேல் டிவிஷனில், பொருளாளர் ஹட்டன் நகரில், ஒருவர் வேலைக்காகக் கொழும்பில். மழைக்காலம் வந்தால் பக்கத்து டிவிஷனுக்குப் போவதே பெரும் பாடு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது மண்சரிவால் நுவரெலியா மாவட்டத்தின் பல பாதைகள் துண்டிக்கப்பட்டன.

அதனால் கூட்டம் தொலைபேசியில் நடக்கிறது. செயலாளர் கூட்டறிக்கையை எழுதி வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மூன்று பேர் கட்டைவிரல் அடையாளம் இடுகிறார்கள், ஒருவர் "சரி" என்கிறார், இருவர் பேசுவதில்லை. வேலை முடிந்து கணக்குக் கேட்கும் நாளில்தான் ஒருவர் எழுந்து, "நான் இதுக்குச் சம்மதிக்கவே இல்லையே" என்கிறார்.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தைத் தள்ளிவிட முடியாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2017இல் அது திருத்தப்பட்டது. கையொப்பம் என்று அது கேட்பது மையால் போட்ட கோட்டை அல்ல. ஒப்பமிட்டவர் யார், அவர் எதற்குச் சம்மதித்தார் என்ற இரண்டையும் காட்டும் வழிமுறையைத்தான் கேட்கிறது. அந்த வழிமுறை காரியத்தின் கனத்துக்கு ஏற்ற நம்பகம் உடையதாகவும் இருக்க வேண்டும். கொழும்பு வணிக மேல் நீதிமன்றமும் மரைன் ஸ்டார் எதிர் அமண்டா ஃபூட்ஸ் வழக்கில், இலத்திரனியல் சான்றுகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தும் எனக் கொண்டது.

இதில் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. ஒருவர் பெயரில் உள்ள மின்செய்தி, மறுத்து நிரூபிக்கப்படும்வரை அவர் அனுப்பியதாகவே கருதப்படும். "என் போனை மகன் வச்சிருந்தான்" என்று பிறகு சொன்னால், அதை நிரூபிக்கும் பாரம் சொன்னவர் தலையில் விழும்.

ஓர் உதாரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். லயக் கூரைத் தகரம் மாற்ற ஓர் ஒப்பந்தக்காரருக்கு முற்பணம் கொடுக்கக் குழு தொலைபேசியில் பேசி முடிக்கிறது. பேசிய தொகை 150,000 ரூபாய். செயலாளர் அன்றிரவு பீடீஎஃப் கோப்பாக அறிக்கையை அனுப்புகிறார். அதில் தவறுதலாக 180,000 என்று இருக்கிறது. நான்கு பேர் வாசிக்காமலே "சம்மதம்" என்கிறார்கள். மறுநாள் காலை பொருளாளர் பிழையைக் காட்டுகிறார். செயலாளர் தொகையைத் திருத்தி, அதே பெயரில் கோப்பை மறுபடி அனுப்புகிறார்.

இப்போது அந்த நான்கு சம்மதங்கள் எந்த அறிக்கைக்கு? சட்டப்படி அவை முதல் கோப்புக்கு மட்டுமே. திருத்திய அறிக்கைக்கு ஒரு சம்மதம்கூட இல்லை. பழைய நான்கையும் புதிய கோப்போடு சேர்த்துவைத்தால், செயலாளரின் நேர்மையான திருத்தமும் மோசடி போலத் தோன்றும். உண்மையிலேயே மோசடி செய்ய நினைப்பவருக்கும் இதே ஓட்டைதான் வழி. சிறு தொகைக்குச் சம்மதம் வாங்கிவிட்டு, பெருந்தொகை எழுதிய அறிக்கையோடு அதை ஒட்டிவிடலாம். இதைக் கண்டுபிடிக்கச் சம்மதம் வந்த நேரத்தையும் கோப்பு அனுப்பிய நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். சம்மதம் முந்தியதென்றால் அது வேறு அறிக்கைக்கு உரியது.

ஓட்டையை அடைக்கப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு வரைவுக்கும் ஓர் எண் இட்டு, கோப்பின் பெயரிலும் முதல் பக்கத்திலும் அதை எழுத வேண்டும். அடுத்து அந்தக் கோப்பின் ஹேஷ் இலக்கத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு காற்புள்ளி மாறினாலும் முழுவதும் மாறிவிடும் 64 எழுத்து இலக்கம் அது. விண்டோஸ் கணினியில், கோப்பு இருக்கும் இடத்தில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இந்த ஒரு வரியைத் தட்டினால் கிடைத்துவிடும்:

```
certutil -hashfile arikkai-2.pdf SHA256
```

செயலாளர் அறிக்கையை மின்னஞ்சலில் எல்லோருக்கும் அனுப்பும்போது இந்த இலக்கத்தையும் சேர்க்கிறார். உறுப்பினர் தம் சொந்த முகவரியிலிருந்து, "கூட்டறிக்கை, வரைவு 2, ஹேஷின் முதல் எட்டு எழுத்துகள் இவை, வாசித்தேன், சம்மதிக்கிறேன்" என்று பெயரோடும் பதவியோடும் பதில் எழுதுகிறார். சம்மதமில்லை என்றால் அதையும் காரணத்தோடு எழுதலாம். அந்தப் பதிலும் அறிக்கையோடு சேர்ந்தே இருக்க வேண்டும். பேசாமல் இருப்பவரைச் சம்மதித்தவராகக் கணக்கிடக் கூடாது.

கையொப்பத்தைப் படம் பிடித்து அறிக்கையில் ஒட்டுவது பலரும் செய்வது. அந்தப் படம் யாரிடம் இருந்தாலும் ஒட்டலாம் என்பதால் தனியே அதற்குப் பெறுமதி குறைவு. லங்காசைன் போன்ற சான்றளிப்புச் சேவை வழங்கும் டிஜிட்டல் கையொப்பம் வலுவானது. ஒப்பமிட்ட பிறகு கோப்பில் கை வைத்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்தக் கோப்பை அச்செடுத்து மறுபடி ஸ்கேன் செய்தால் பாதுகாப்பு போய்விடும், வெறும் படம்தான் மிஞ்சும். மூலக் கோப்பையே பத்திரப்படுத்த வேண்டும்.

வட்ஸ்அப்பை மட்டும் நம்புவதில் வேறு சிக்கல். அனுப்பிய செய்தியைச் சிறிது நேரத்துக்குள் திருத்தலாம், பிறகு எல்லோருக்கும் அழித்தும் விடலாம். தானாக மறையும் அமைப்பும் உண்டு. ஸ்கிரீன் ஷொட்டை யாரும் மாற்றலாம். அழைப்புக்கும் நினைவூட்டலுக்கும் அதை வைத்துக்கொண்டு, சம்மதத்தை மின்னஞ்சலில் பெறுவதே நல்லது. அதற்கு வழியில்லாத உறுப்பினருக்கு அறிக்கையைத் தமிழில் முழுதாக வாசித்துக் காட்டி, அடுத்த சந்திப்பில் தாளில் ஒப்பம் பெற வேண்டும். இன்னொருவர் போனிலிருந்து "சம்மதம்" தட்டிவிடக் கூடாது.

எல்லைகளும் உண்டு. காணி விற்பனை, உரிமை மாற்றம், அற்றோர்னித் தத்துவம், மரணசாசனம் ஆகியவை இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. வீட்டுக்காணி விடயத்தை மின்னொப்பத்தால் முடித்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சங்கத்தின் உபவிதிகளும் இடங்கொடுக்க வேண்டும். நேரில் கூடும் ஒரு கூட்டத்தில், எந்த முகவரிகள், எந்த முறை என்று தீர்மானம் எடுத்து எல்லோரும் தாளில் ஒப்பமிட்டுவிட்டால் பின்னாளில் வாதம் குறையும். பணம் எடுக்க வங்கி மையொப்பமும் முத்திரையும் கேட்கலாம். ஆகவே அறிக்கையை அச்செடுத்து அறிக்கைப் புத்தகத்திலும் ஒட்டி, அடுத்த சந்திப்பில் ஒப்பமிடுவது இன்னும் தேவைப்படுகிறது.

தாம் சொல்லாத சம்மதத்தை அறிக்கையில் கண்ட உறுப்பினர், தமக்கு வந்த மின்னஞ்சலை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, செயலாளருக்கு உடனே எழுத்தில் மறுப்பு அனுப்ப வேண்டும். அதிலும் தீராவிட்டால், கூட்டுறவுச் சங்கப் பிணக்குகளைக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்திடம் கொண்டுபோக 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிவிடுகிறது. போலி ஆவணம் என்ற சந்தேகம் இருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். வக்கீலுக்குச் செலவழிக்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். அடுத்த முறை குழுவில் ஓர் அறிக்கை வந்து விழும்போது, வரைவு எண்ணையும் தொகையையும் பார்த்த பிறகே "சம்மதம்" என்று எழுதுங்கள்.