பதினொன்று மறுபடி பத்தான கதை

ஒரு தையல் கடையை எடுத்துக்கொள்வோம். முன்னால் கல்லாவில் ஒரு போன், பின்கட்டில் துணி வெட்டுபவரிடம் ஒரு டேப்லெட், இரண்டிலும் அளவு குறிக்கும் ஒரே ஆப். கல்லாவில் குறித்த அளவு சர்வருக்குப் போய், அங்கிருந்து பின்கட்டுக்கு வந்துவிடும். நெட் இல்லாவிட்டாலும் வேலை நிற்கக் கூடாது என்பதால், போன் எதையும் முதலில் தன்னிடமே சேமித்துவிட்டு, சிக்னல் கிடைத்ததும் அனுப்பும். சிங்க் என்று சொல்வது இதைத்தான்.

ஒரு அம்மா ரவிக்கைக்கு அளவு கொடுக்கிறார். கை நீளம் 10 அங்குலம். கடைக்காரர் சேமித்ததும் ஆப் அந்தப் பதிவை எடுத்து அனுப்பத் தொடங்குகிறது. சிக்னல் மந்தம், பதில் வர ஆறு நொடி ஆகும். மூன்றாவது நொடியில் அந்த அம்மா, "கை இன்னும் ஒரு இஞ்ச் கூட வெச்சிடுங்க தம்பி" என்கிறார். கடைக்காரர் 11 என்று திருத்திச் சேமிக்கிறார். திரையில் 11 தெரிகிறது, போனைக் கீழே வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போகிறார். ஆறாவது நொடியில் சர்வரின் பதில் வருகிறது: பதிவு கிடைத்தது, கை நீளம் 10. ஆப் அந்தப் பதிலை அப்படியே போனில் எழுதிக்கொள்கிறது. 11 இருந்த இடத்தில் மறுபடி 10.

எங்கும் பிழைச்செய்தி இல்லை. ஆப் நின்றுபோகவில்லை, லாக்கிலும் சிவப்பு வரி எதுவும் கிடையாது. துணி வெட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வரும். அப்போதும் கடைக்காரர், "நான் மாத்தினேனே, மாத்தினது ஞாபகம் இருக்கே" என்பார்; ஆப் எழுதியவர் தன் மேஜையில் நூறு முறை முயன்றாலும் அது நடக்காது, ஏனென்றால் அவருடைய அலுவலக வைஃபையில் பதில் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். மந்தமான சிக்னலும் அவசரத் திருத்தமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் இது பிடிபடும். "எப்பவாவது தானாவே பழசுக்கு மாறிடுது" என்று பயனர்கள் சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இதைக் கொஞ்சம் யோசித்த புரோகிராமர் ஒருவர், "பதிலில் வரும் அளவை ஏன் எழுத வேண்டும்? 'அனுப்பியாச்சு' என்ற அடையாளத்தை மட்டும் போட்டால் போதுமே" என்று மாற்றி எழுதுவார். ஒவ்வொரு பதிவிலும் dirty என்றொரு கட்டம் இருக்கும். திருத்தினால் 1, சர்வருக்குப் போய்ச் சேர்ந்தால் 0. இப்போது ஆறாவது நொடியில் ஆப் அந்தக் கட்டத்தை மட்டும் 0 ஆக்குகிறது. போனில் 11 பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த 11 சர்வருக்குப் போகவே இல்லை, போனது 10. dirty கட்டம் 0 ஆகிவிட்டதால் இனி எந்த சிங்க்கும் அதைத் தொடாது. கல்லாவில் 11, பின்கட்டில் 10, இரண்டும் என்றென்றைக்கும் அப்படியே. என்னைக் கேட்டால் முதல் பிழையைவிட இது மோசம். முன்னதில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தாலாவது தெரிந்திருக்கும். இதில் அவர் திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். பதிவில் version என்று ஓர் எண்ணைச் சேர்க்க வேண்டும். யார் திருத்தினாலும், எதைத் திருத்தினாலும், அந்த எண் ஒன்று கூட வேண்டும். 10 என்று சேமித்தபோது அது 7 என்று வைத்துக்கொள்வோம். சிங்க் புறப்படும்போது அளவோடு 7 என்பதையும் குறித்துக்கொள்கிறது. கடைக்காரர் 11 என்று திருத்தும்போது எண் 8 ஆகிறது, dirty 1 ஆகிறது. பதில் வந்ததும் ஆப் எழுத முனைகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு:

```sql
UPDATE alavu SET dirty = 0
WHERE id = 412 AND version = 7;
```

412ஆம் பதிவாக இருக்க வேண்டும், அதன் எண் இன்னும் 7 ஆகவே இருக்க வேண்டும். இப்போது எண் 8. எனவே நிபந்தனைக்குப் பொருந்தும் பதிவே இல்லை, எதுவும் எழுதப்படாது. இப்படி ஒரு கட்டளை முடிந்ததும், எத்தனை பதிவுகள் மாறின என்று டேட்டாபேஸ் சொல்லும். போன்களில் இருக்கும் எஸ்கியூலைட்டில் changes() என்று கேட்டால் தெரியும். 1 என்றால் நடுவில் யாரும் கை வைக்கவில்லை. 0 என்றால் யாரோ வைத்திருக்கிறார்கள். இங்கே 0 வந்ததும் செய்ய வேண்டியது மிகக் குறைவு: dirty இன்னும் 1 ஆகத்தான் இருக்கிறது, அடுத்த சிங்க் தானாகவே 11ஐ எடுத்துக்கொண்டு போகும். இந்த எண்ணிக்கையைப் பார்க்காமலே விடுகிற கோடுதான் நான் அதிகம் பார்த்தது. நிபந்தனையை ஒழுங்காக எழுதிவிட்டு, 0 வந்தாலும் திரையில் பச்சை டிக் போட்டுவிடுவார்கள்.

சரிபார்ப்பதும் எழுதுவதும் ஒரே கட்டளைக்குள் இருப்பது முக்கியம். "எண் இன்னும் 7தானா?" என்று முதலில் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றால் அடுத்த வரியில் எழுதினால், அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒரு இடுக்கு இருக்கிறது. திருத்தம் அதற்குள் நுழைந்துவிடும். ஆறு நொடி இடுக்கு ஒரு மில்லிநொடியாகச் சுருங்கும், அவ்வளவுதான். பிழை அப்படியே இருக்கும், கண்டுபிடிப்பது மட்டும் ஆயிரம் மடங்கு கஷ்டமாகும். ஒரே கட்டளையாக இருந்தால் அந்த இடுக்கை டேட்டாபேஸே அடைத்துவிடுகிறது.

இந்த முறைக்கு ஆப்டிமிஸ்டிக் லாக்கிங் என்று பெயர். பெயரில் பூட்டு இருக்கிறதே தவிர, நடைமுறையில் யாரையும் யாரும் பூட்டி வைப்பதில்லை. மோதல் அநேகமாக வராது என்று நம்பி வேலையைத் தொடங்குவது, முடிக்கும் நேரத்தில் மட்டும் ஒரு முறை சரிபார்ப்பது. 1981இல் எச்.டி. குங், ஜான் ராபின்சன் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தச் சிந்தனைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தது. நிஜமாகவே பூட்டும் முறையும் உண்டு: ஒருவர் பதிவைத் திறந்தால் அவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். ஓர் அறைக்குள் இருக்கும் கணினிகளுக்கு அது சரிவரும். பூட்டை வாங்கிக்கொண்ட போன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாலோ, சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டாலோ, பின்கட்டில் இருப்பவர் எவ்வளவு நேரம் காத்திருப்பது?

இதுவரை பார்த்தது ஒரே போனுக்குள் நடக்கும் போட்டி: கடைக்காரரின் விரலுக்கும் பின்னணியில் ஓடும் சிங்க்குக்கும். சர்வரில் இதே போட்டி இரண்டு கருவிகளுக்கு நடுவே நடக்கிறது. அதனால் சர்வருக்கும் தனியாக ஓர் எண் வேண்டும். அதை rev என்று வைத்துக்கொள்வோம். போன் திருத்தத்தை அனுப்பும்போது, "சர்வரில் rev 4 ஆக இருந்த பதிவின் மேல் இந்தத் திருத்தத்தைச் செய்தேன்" என்று சேர்த்துச் சொல்லும். சர்வரும் `WHERE id = 412 AND rev = 4` என்றே எழுதும், கூடவே rev-ஐ 5 ஆக்கும். 0 பதிவு மாறியது என்றால், பின்கட்டு டேப்லெட் முந்திக்கொண்டது என்று பொருள். சர்வர் 409 என்ற எண்ணோடு பதிலைத் திருப்பும்; வலையுலகில் மோதல் என்பதற்கான குறியீடு அது.

இங்கேதான் முதல் கதையில் ஒரு முடிச்சு விழுகிறது. நம் போன் 10ஐ அனுப்பியபோது சர்வரில் rev 3 ஆக இருந்தது, அந்த 10 ஏறியதும் 4 ஆனது. ஆறாவது நொடியில் வந்த பதிலில் அந்த 4 இருக்கிறது. போனில் version மாறிவிட்டதால் எழுதாமல் விட்டோம் அல்லவா? அப்போது அந்த 4ஐயும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டால், அடுத்த சிங்க் 11ஐ அனுப்பும்போது பழைய 3ஐயே சொல்லும். சர்வர் மோதல் என்று மறுக்கும். யாருடன் மோதல்? அதே போன் ஒரு நிமிடம் முன்பு அனுப்பிய 10 உடன். ஆகவே பதில் வந்ததும் இரண்டு வேலைகள் உண்டு. சர்வரின் புதிய எண்ணை நிபந்தனையில்லாமல் குறித்துக்கொள்ள வேண்டும், அது சர்வரைப் பற்றிய உண்மை. dirty கட்டத்தை 0 ஆக்குவதற்கு மட்டுமே version நிபந்தனை.

பதிலே வராமல் போனாலும் இதே சிக்கல்தான். சர்வர் எழுதி முடித்துவிட்டது, பதில் வழியில் அறுந்துவிட்டது, போன் போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புகிறது. ஒவ்வொரு அனுப்புதலுக்கும் போன் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, சர்வர் அதை நினைவில் வைத்துக்கொண்டால், "இது ஏற்கெனவே வந்ததுதான்" என்று அதே பழைய பதிலைத் திருப்பித் தரலாம். இதைச் செய்யாத ஆப்களில் சிக்னல் மோசமான இடங்களிலிருந்து மட்டும் பொய் மோதல்கள் குவியும்.

எண்ணுக்குப் பதில் நேரத்தை வைத்தால் என்ன என்று பலரும் கேட்பார்கள், பெரும்பாலான டேபிள்களில் updated_at ஏற்கெனவே இருக்கிறதே. போன் கடிகாரத்தை நம்ப முடியாது என்பதுதான் பதில். கேம் விளையாட்டில் அடுத்த வாய்ப்பு சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று தேதியை நாளைக்குத் தள்ளி வைக்கும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அந்தப் போனில் செய்த திருத்தம் எப்போதும் புதியதாகவே தெரியும். எண்ணுக்கு மணி தெரியாது, யார் முந்தியவர் என்றும் அது கேட்பதில்லை. நான் பார்த்த பிறகு மாறியதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

இன்னொன்று, எண்ணைக் கூட்டாமல் எழுதும் ஒரு கை இருந்தால்கூட எல்லாம் வீண். ரெயில்ஸ் போன்ற கட்டமைப்புகளில் lock_version என்று ஒரு காலத்தைச் சேர்த்தாலே அது தானாக எண்ணைக் கூட்டிச் சரிபார்க்கும். ஆனால் update_all என்று மொத்தமாக மாற்றும் கட்டளை அந்த வழியாகப் போவதில்லை. இரவில் ஓடும் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் அப்படித் திருத்திவிட்டுப் போனால், காலையில் வரும் பழைய சிங்க் அதன் மேல் தைரியமாக எழுதிவிடும்.

உண்மையான மோதல் வந்தால் என்ன செய்வது என்பதை இந்த எண் சொல்லாது. கல்லாவில் கை நீளத்தையும் பின்கட்டில் டெலிவரி தேதியையும் மாற்றியிருந்தால், புதிய பதிவை இறக்கி, அதன் மேல் கை நீளத்தை மட்டும் மறுபடி போட்டு, புதிய rev உடன் அனுப்பலாம். இருவரும் கை நீளத்தையே மாற்றியிருந்தால் இரண்டு அளவுகளையும் திரையில் காட்டி மனிதரைத்தான் கேட்க வேண்டும். அந்தத் திரையைச் செய்யச் சோம்பல்பட்டு, 409 வந்ததும் புதிய எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு தன் பழைய பதிவு முழுவதையும் திரும்ப அனுப்பும் ஆப்கள் இருக்கின்றன. நிபந்தனை நிறைவேறிவிடும், பின்கட்டில் மாற்றிய தேதி அழிந்துவிடும்.

எல்லாப் பதிவுக்கும் இந்த முறை பொருந்தாது. கடையில் மீதமுள்ள பட்டன் அட்டைகளின் எண்ணிக்கையை நாலு கருவிகள் நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிக்கொண்டிருந்தால், ஒவ்வொன்றும் 409 வாங்கி, மறுபடி முயன்று, மறுபடி தோற்கும். அங்கே "மீதி 37" என்று எழுத முயலாமல் "3 குறைந்தது" என்று மட்டும் அனுப்பி, கூட்டிக்கழிப்பதை சர்வரிடமே விட்டுவிடுவது நல்லது.