லீவு நல்லபடியா போச்சா?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒரு பிரெஞ்சு நிறுவனம். பிரெஞ்சுக்காரர்களும் ஆஸ்திரேலியர்களும் அங்கே சேர்ந்து வேலை பார்த்தார்கள். எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டார்கள். ஆனாலும் ஏதோ ஓர் உரசல் இருந்துகொண்டே இருந்தது. அவர்களுடைய பேச்சுகளைப் பதிவு செய்து ஆராய்ந்த மொழியியலாளர் கிறிஸ்டீன் பேயல், உரசல் கிளம்பும் இடங்களில் ஒன்றைத் திங்கட்கிழமைக் காலையில் கண்டுபிடித்தார். 'வார இறுதி நல்லபடியாகக் கழிந்ததா?' என்ற கேள்விதான் அது. 1992-ல் வெளியான தன் ஆய்வுக் கட்டுரைக்கு அந்தக் கேள்வியையே அவர் தலைப்பாக வைத்தார்.

ஆஸ்திரேலியர்களுக்கு அது வணக்கத்தின் இன்னொரு வடிவம். நடந்துகொண்டே கேட்பார்கள். 'நல்லா போச்சு, உங்களுக்கு?' என்று பதில் வந்தால் போதும், வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பிரெஞ்சுக்காரர்களோ ஒருவர் கேள்வி கேட்டால் அவருக்குப் பதில் தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கே போனோம், என்ன பார்த்தோம், பிடித்ததா, பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று விரிவாகச் சொல்லத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியர்கள் மனதுக்குள், 'இவங்க தன் கதையை நிறுத்தவே மாட்டாங்களா?' பிரெஞ்சுக்காரர்கள் மனதுக்குள், 'பதிலைக் கேட்கப் பொறுமை இல்லாதவன் எதற்குக் கேட்டான்?'

நம் ஊர் அலுவலகத்தில் இந்த இரண்டு வகை ஆட்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'வீக்எண்ட் எப்படிப் போச்சு?' என்ற கேள்வியே இங்கே புதிது. வாரத்தில் ஐந்து நாள் வேலை என்கிற ஐ.டி. கம்பெனிகளோடு பரவியது அது. வங்கிகளுக்கு 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை. மற்ற வாரங்களில் வங்கி ஊழியருக்கு வார இறுதி என்பது வெறும் ஞாயிற்றுக்கிழமைதான். அதில் துணி துவைத்து, மாவு அரைத்து, பிள்ளையின் வீட்டுப்பாடம் பார்த்து முடிப்பதற்குள் திங்கள் வந்துவிடுகிறது. அவரிடம் போய் 'என்ன விசேஷம்?' என்று கேட்டால் என்னதான் சொல்வார்?

சொல்ல ஒன்றுமில்லாதவரை விடுங்கள். சொல்ல விரும்பாதவர்தான் இங்கே முக்கியம். ஞாயிற்றுக்கிழமை வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போய் வந்தவர் இருப்பார். பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன வீட்டிலிருந்து ஒருவர் வந்திருப்பார். குழந்தைப்பேறு சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தவர் இருப்பார். இவர்கள் எல்லோரும் காலையில் அதே கேள்விக்கு அதே புன்னகையோடு பதில் சொல்லியாக வேண்டும்.

பேச்சை நுணுக்கமாக ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ் இதை 1970-களிலேயே கவனித்தார். நலம் விசாரிப்பவருக்கு உண்மையைச் சொன்னால் அடுத்து 'ஏன், என்ன ஆச்சு?' என்று வரும். அந்த 'ஏன்'-க்கு எல்லோரிடமும் பதில் சொல்ல முடியாது. அதனால் மனிதர்கள் முதல் கேள்விக்கே 'நல்லா இருக்கேன்' என்று முடித்துவிடுகிறார்கள். நாம் அதைப் பொய் என்று நினைப்பதில்லை, நினைக்கவும் வேண்டாம்.

அவர் வழியில் வந்த கெயில் ஜெஃபர்சன் இன்னும் நுட்பமான ஒன்றைப் பிடித்தார். மனதில் கவலை இருப்பவர் பல நேரங்களில் 'நல்லா இருக்கேன்' என்பதில் ஒரு படி இறக்கிப் பதில் சொல்கிறார் என்பதுதான் அது. நம் பேச்சில் 'ம்... பரவாயில்ல', 'ஏதோ போச்சு' என்று வருமே, அந்த மாதிரி. ஏதோ இருக்கிறது என்று காட்டியும் ஆகிவிடுகிறது, என்ன என்று சொல்லாமலும் இருந்துவிடலாம். அடுத்து என்ன கேட்பது என்பது இப்போது எதிரில் இருப்பவர் கையில். தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு சென்னை அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

"லீவு எப்படிப் போச்சு மேடம்?"

"ம்... போச்சுப்பா. உனக்கு?"

இதற்கு இரண்டு விதமாகத் தொடரலாம். "ஏன் மேடம் டல்லா இருக்கீங்க? வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்பது ஒரு விதம். அக்கறையோடு கேட்டதுதான், சந்தேகமில்லை. ஆனால் பக்கத்து இருக்கைகளில் நான்கு தலைகள் திரும்பிவிட்டன. அந்த அம்மா இனி ஒன்று பொய் சொல்ல வேண்டும், அல்லது நான்கு பேர் முன்னால் தன் வீட்டைத் திறந்து காட்ட வேண்டும்.

இன்னொரு விதம்: "எனக்குத் துணி துவைக்கவே சரியா போச்சு மேடம். பதினோரு மணிக்கு டீக்குப் போறேன், வர்றீங்களா?" அவர் 'உனக்கு?' என்று கேட்டதற்குப் பதிலும் ஆயிற்று, கவனித்துவிட்டேன் என்று காட்டியும் ஆயிற்று. டீக்கடையில் அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் டீ மட்டும்தான்.

அப்படியானால் மேற்கொண்டு எதையுமே கேட்கக் கூடாதா? அப்படியும் இல்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்பவரை மற்றவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று கண்டார்கள். 'சொன்ன பதில்' என்பதைத்தான் அடிக்கோடிட வேண்டும். "மாமல்லபுரம் போயிருந்தோம்" என்று ஒருவர் சொன்னால், "வெயில் எப்படி இருந்துச்சு?" என்பது அவர் திறந்த கதவுக்குள் நுழைவது. "யாரோட போனீங்க?" என்பது அவர் சாத்தி வைத்த கதவைத் தட்டுவது.

தன் கதையைச் சொல்வதற்காகவே அடுத்தவரிடம் கேட்கிற ஆட்களும் உண்டு. 'ஊட்டிக்குப் போனீங்களா? போகலையா? நாங்க போயிருந்தோம்!' என்கிற ரகம். அவர்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை, எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருக்கிறார்.

இவர்களைவிடச் சங்கடம், கேட்பவர் மேலாளராக இருக்கும்போது. பக்கத்து இருக்கைக்காரரிடம் 'சும்மாதான்' என்று முடித்துவிடலாம், மேலாளரிடம் அது எடுபடாது. அதிலும் திங்கள் காலை மீட்டிங்கில், 'வீக்எண்ட்ல என்ன பண்ணீங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க' என்று வரிசையாகக் கேட்பது நட்பை வளர்க்கும் என்று பல குழுத் தலைவர்கள் நம்புகிறார்கள். உண்மையில் அது வருகைப் பதிவேடு வாசிப்பதுதான். மூன்றாவது ஆள் பேசும்போதே, எட்டாவது ஆள் தனக்கு ஒரு சினிமா பெயரைத் தேடத் தொடங்கிவிடுகிறார்.

இதையெல்லாம் அமெரிக்க ஆய்வுகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. வெளியே கிளம்புகிறவரை 'எங்கே போறீங்க?' என்று நம் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள், சகுனம் சரியில்லை என்பார்கள். 'என்ன, தூரமா?' என்பார்கள். 'ஆமா, கொஞ்சம் தூரம்தான்' என்றோ 'இல்ல, இங்க பக்கத்துலதான்' என்றோ சொல்லிவிட்டுப் போகலாம். இடத்தைச் சொல்ல விரும்புகிறவர் சொல்வார். சகுனத்தை நம்பாதவருக்கும் இந்தக் கேள்வியின் அமைப்பு உதவும்.

'லீவு நல்லபடியா போச்சா?', 'கொஞ்சமாவது ரெஸ்ட் கிடைச்சுதா?' என்பவை அந்த வகைக் கேள்விகள். 'ஆங், போச்சு' என்ற ஒற்றை வரியில் யாரும் கௌரவமாக நகர்ந்துவிடலாம். வரும் திங்களன்று உங்கள் சக ஊழியர் அப்படி நகர்ந்தால், விட்டுவிடுங்கள். அவரிடம் கேட்க வேண்டிய வேலை விஷயங்கள் எப்படியும் நிறைய இருக்கும்.